பத்து கன மீட்டர் பீங்கான் சரக்கு: எல்சிஎல் போதுமா, தனிக் கன்டெய்னரே எடுக்கலாமா?

பீங்கான்வணிகன்
வணக்கம். பீங்கான் தட்டுகளும் கிண்ணங்களும் ஏற்றுமதி செய்கிறேன். ஒரே வாடிக்கையாளர், சிஐஎஃப் விலை, அதாவது கடல் கூலியும் காப்பீடும் என் விலைக்குள் அடக்கம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சரக்கு போகிறது. ஒரு தடவைக்கு 320 அட்டைப்பெட்டிகள். ஒரு பெட்டி 40 × 30 × 25 செ.மீ., எடை 14 கிலோ. மொத்தம் 9.6 கன மீட்டர் என்பது என் கணக்கு. எட்டு பாலெட்டில் அடுக்கி எல்சிஎல்லில், அதாவது மற்றவர்கள் சரக்கோடு ஒரே கன்டெய்னரைப் பகிர்ந்து அனுப்புகிறேன்.

சென்ற முறை, சரக்கைச் சேர்த்துக் கன்டெய்னரில் ஏற்றும் நிலையமான சிஎஃப்எஸ் கொடுத்த ரசீதில் 12.5 கன மீட்டர் என்று இருந்தது. பெட்டி ஒன்றுகூடக் கூடவில்லை. அதோடு, வாடிக்கையாளர் இப்போது "எல்சிஎல் வேண்டாம், இருபது அடி கன்டெய்னரில் அனுப்புங்கள்" என்கிறார். கன்டெய்னரில் மூன்றில் இரண்டு பங்கு காலியாகத்தானே போகும்? எனக்குக் கிடைத்த விலைகளைப் பார்த்தால் எல்சிஎல் பாதிச் செலவில் முடிகிறது. அவர் ஏன் இப்படிக் கேட்கிறார் என்று விளங்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

எண்கணக்கு
இதில் யோசிக்க ஒன்றுமில்லை நண்பரே. 15 கன மீட்டருக்குக் கீழே எல்சிஎல், மேலே எஃப்சிஎல், அதாவது தனிக் கன்டெய்னர். எல்லா ஃபார்வர்டரும் சொல்லும் விதி இது. உங்களுடையது 9.6. வாடிக்கையாளர் அவசரப்படுகிறார், அவ்வளவுதான். எல்சிஎல் சரக்கை மெதுவாகப் போகும் கப்பலில் ஏற்றுவார்கள், அதனால் தாமதமாகும். அதைத் தாங்க முடிந்தால் மாற்ற வேண்டாம்.

நிலையத்தார்
ஒரு சிஎஃப்எஸ்ஸில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன், இப்போது சரக்கு ஒருங்கிணைப்புத் தொழிலில் இருக்கிறேன். முதலில் அந்த 12.5 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

தம்பி, நீங்கள் பெட்டியை அளக்கிறீர்கள். நிலையத்தில் பாலெட்டை அளக்கிறார்கள். 120 × 100 செ.மீ. பாலெட்டில் உங்கள் பெட்டி ஒரு வரிசைக்குப் பத்து சரியாக உட்காரும். நான்கு வரிசை, நாற்பது பெட்டி, ஒரு மீட்டர் உயரம். கீழே மரச்சட்டம் 15 செ.மீ. ஆக ஒரு பாலெட் 1.38 கன மீட்டர், எட்டுக்கு 11.04. இதுவரை யாரும் உங்களை ஏமாற்றவில்லை. மரச்சட்டமும் இடம் பிடிக்கிறது.

மீதியைச் செய்தது பிதுக்கம். அளவு நாடாவை அடுக்கின் மிக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புள்ளியில்தான் வைப்பார்கள். பெட்டி பக்கத்துக்கு மூன்று செ.மீ. பிதுங்கி, மேலே மூலைப் பட்டையும் அட்டையும் சேர்த்து இரண்டு செ.மீ. கூடியிருந்தால் 126 × 106 × 117. பெருக்கிப் பாருங்கள்: ஒரு பாலெட் 1.56, எட்டுக்கு 12.5. உங்கள் ரசீதின் எண் இதுதான். பாலெட் வாரியாக அளவு தரச் சொல்லி நிலையத்திடம் கேட்டால் கொடுப்பார்கள், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எண்கணக்கு சொன்ன 15-ஐ நான் விதியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சில தடங்களில் 10-லேயே எல்லை வந்துவிடும், சிலவற்றில் 18 வரைக்கும் எல்சிஎல் தாங்கும். நீங்கள் வைத்திருக்கும் விலைகளை இங்கே போடுங்கள். இறக்குமதித் துறைமுகத்தில் வாடிக்கையாளர் கட்டுவதையும் அவரிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். அது இல்லாமல் இந்தக் கேள்விக்கு விடை கிடையாது.

பீங்கான்வணிகன்
நன்றி ஐயா. சென்ற முறை ஒரு பாலெட்டின் படம் எடுத்திருந்தேன். நடு வரிசைப் பெட்டிகள் வெளியே தள்ளிக்கொண்டுதான் இருக்கின்றன. சுற்றிய பிளாஸ்டிக் தாளை மிகவும் இறுக்கியதில் மேலும் கீழும் அமுங்கி நடுவில் வயிறு வைத்துவிட்டது.

விலைகள் இவை, எல்லாம் டாலரில். எல்சிஎல்லுக்கு கன மீட்டருக்கு 70, ஏற்றுமதித் துறைமுகக் கட்டணம் 30, கடல் கூலி 40 இரண்டும் சேர்த்து. இருபது அடிக் கன்டெய்னருக்கு கடல் கூலி 1,100, இங்குள்ள செலவுகள், தொழிற்சாலை வரை வண்டி எல்லாம் சேர்த்து 400. ஆகவே எனக்கு 9.6-க்கு 672, தனிக் கன்டெய்னருக்கு 1,500.

வாடிக்கையாளர் தன் பக்கத்துச் செலவை அனுப்பினார். எல்சிஎல் என்றால் கன மீட்டருக்கு 75, அதற்கு மேல் ஆவணக் கட்டணம் 120. தனிக் கன்டெய்னர் என்றால் துறைமுகக் கையாளுதல், டெலிவரி ஆர்டர், அவர் கிடங்கு வரை கூடுதல் வண்டிச் செலவு எல்லாம் சேர்த்து 500.

நிலையத்தார்
இப்போது உங்கள் வாடிக்கையாளர் ஏன் கேட்கிறார் என்பது தெரிந்துவிட்டது.

ஒழுங்காக அடுக்கிய 11.04 கன மீட்டரை எடுத்துக்கொள்வோம். எல்சிஎல்லில் நீங்கள் கட்டுவது 773, அவர் கட்டுவது 948. மொத்தம் 1,721. தனிக் கன்டெய்னரில் நீங்கள் 1,500, அவர் 500, மொத்தம் 2,000. மொத்தத்தில் எல்சிஎல் 279 டாலர் மலிவு. ஆனால் உங்கள் ரசீதில் பாதிச் செலவு என்று தெரிவது அவர் ரசீதில் ஏறக்குறைய இரு மடங்கு. இரண்டு பேரும் ஒரே சரக்கைப் பற்றிப் பேசுகிறீர்கள், இரண்டு பேர் சொல்வதும் சரி.

12.5-க்குப் போட்டுப் பாருங்கள்: நீங்கள் 875, அவர் 1,057. மொத்தம் 1,932. தனிக் கன்டெய்னரோடு வித்தியாசம் எழுபது டாலருக்குள் வந்துவிட்டது. உங்கள் தடத்தில் இரண்டும் சமமாகும் இடம் ஏறக்குறைய 13 கன மீட்டர். நீங்கள் அந்த எல்லையை ஒட்டி நிற்கிறீர்கள், பிதுங்கிய பெட்டிகள் உங்களை அங்கே தள்ளியிருக்கின்றன.

இறக்குமதிப் பக்கம் 75 என்பது கடல் கூலியான 40-ஐவிட ஏன் இவ்வளவு கூடுதல் என்று யாராவது கேட்கலாம். எல்சிஎல் வியாபாரத்தில் கடல் கூலியைக் குறைத்துக் காட்டிச் சரக்கைப் பிடித்து, இறங்கும் இடத்தில் வசூலிப்பது நெடுநாளாக நடக்கிறது. சில தடங்களில் கடல் கூலி பூஜ்யம் என்றுகூட விலை வரும். சிஐஎஃப்பில் விற்பவர் தேர்ந்தெடுக்கிறார், வாங்குபவர் கட்டுகிறார். அதனால் இந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது. விலை கேட்கும்போதே இறங்குமிடக் கட்டணப் பட்டியலையும் எழுத்தில் கேளுங்கள். பலர் சரக்கையும் சேர்த்து அனுப்பும் கன்சாலிடேட்டர் அதைத் தர மறுத்தால், அவரிடம் நான் சரக்குக் கொடுக்க மாட்டேன்.

நூல்மாலை
நான் ஆயத்த ஆடை அனுப்புகிறவள். என் அனுபவத்தையும் சொல்கிறேன். எனக்குப் பணத்தைவிட நாள்தான் பிரச்சினை. கப்பல் குறித்த நாளில் துறைமுகத்தை அடைந்துவிட்டது, வாடிக்கையாளர் இணையத்தில் பார்த்துவிட்டு மறுநாளே வண்டி அனுப்பிவிட்டார். சரக்கு கிடைக்கவில்லை. அதே கன்டெய்னரில் இருந்த வேறொருவர் சரக்கின் ஆவணத்தில் குறை என்று சுங்கம் கன்டெய்னரையே நிறுத்தி வைத்துவிட்டது. என் தாள்கள் எல்லாம் சரியாக இருந்தன. யாரோ முகம் தெரியாதவருக்காக என் ஆடைகள் பருவம் தாண்டிக் கடைக்குப் போயின. அன்று எனக்கு வந்த கோபம் இன்றும் தணியவில்லை. எல்சிஎல் எடுப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்கணக்கு
சகோதரி சொல்வதும் நான் சொன்னதும் ஒன்றுதான்: எல்சிஎல் தாமதம். மெதுவான கப்பல் என்று ஃபார்வர்டர்தான் என்னிடம் சொன்னார்.

நிலையத்தார்
தாமதம் என்பது சரி. கப்பல் காரணமில்லை. உங்கள் எல்சிஎல் கன்டெய்னரும் பக்கத்து எஃப்சிஎல் கன்டெய்னரும் ஒரே கப்பலில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போகலாம். நாள் போவது கடலுக்கு முன்னும் பின்னும்.

தனிக் கன்டெய்னரை உங்கள் வாசலில் ஏற்றி, துறைமுகம் குறித்த கடைசி நேரமான கட்-ஆஃபுக்குள் கொண்டுபோனால் போதும். எல்சிஎல் சரக்கு அதற்குச் சில நாள் முன்பே நிலையத்துக்கு வந்தாக வேண்டும். எல்லோர் சரக்கும் வந்து, சுங்கம் முடிந்து, ஸ்டஃபிங் ஆகி, அந்தப் பெட்டி துறைமுகம் போக வேண்டும். அந்தப் பக்கம் இறங்கியதும் துறைமுகத்திலிருந்து நிலையத்துக்குப் போய், முறை வந்து, பிரித்து, அடுக்கி, அதன் பிறகுதான் டெலிவரி. இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு வாரம் போவது சாதாரணம். நூல்மாலை அம்மா சொன்னதுபோல நிறுத்திவைத்தால் அதற்கு வரம்பே கிடையாது. மரச்சட்டம் ஒன்றில் பூச்சி நீக்கியதைக் காட்டும் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இல்லாவிட்டாலும் இதே கதைதான். ஒருவர் பாலெட்டுக்காக எல்லோரும் காத்திருப்பார்கள்.

இதைவிடப் பெரிய வேறுபாடு, கன்டெய்னர் நேராகப் போகிறதா, இடையில் ஒரு மையத் துறைமுகத்தில் பிரித்து வேறு பெட்டியில் மாற்றுகிறார்களா என்பது. இறங்கும் துறைமுகத்துக்குப் போதிய சரக்கு சேராத கன்சாலிடேட்டர் மையத்துக்குத்தான் அனுப்புவார். அங்கே அடுத்த பெட்டி நிறையும்வரை உங்கள் பாலெட்டுகள் தரையில் காத்திருக்கும். இன்னொரு வாரம், சில சமயம் இரண்டு. சேவை நேரடி என்று வாயால் சொல்வார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. புறப்பட்டதும் கன்டெய்னர் எண்ணை வாங்குங்கள், நான்கு ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும். கப்பல் நிறுவனத்தின் தளத்தில் போட்டால் அந்தப் பெட்டி எந்தத் துறைமுகம்வரை பதிவாகியிருக்கிறது என்று தெரியும். உங்கள் துறைமுகம் அல்லாத ஊரில் பயணம் முடிகிறதென்றால், அங்கே பிரிக்கப்போகிறார்கள். வாடிக்கையாளரிடம் இறங்கும்போது பெட்டி எண் வேறாக இருந்தாலும் அதே பொருள்தான்.

புதுவரவு
நல்ல தகவல் ஐயா. எனக்கும் இதே கேள்வி. நானும் நண்பர் ஒருவரும் சேர்ந்து ஒரு கன்டெய்னர் எடுத்துப் பாதி பாதி ஏற்றலாம் என்றிருக்கிறோம். கப்பல் சரக்கு ஆவணமான பில் ஆஃப் லேடிங்கை என் பெயரில் போட்டுவிட்டால் இருவருக்கும் எஃப்சிஎல் விலை கிடைக்குமல்லவா?

தாள்வேலை
இழையின் கேள்வி அது இல்லை, இருந்தாலும் பதில் சொல்லிவிடுகிறேன், சுங்க முகவர் என்ற முறையில். உங்கள் வாடிக்கையாளரும் நண்பரின் வாடிக்கையாளரும் வெவ்வேறு ஆள் என்றால் வேண்டாம். ஒரே பி.எல்.லில் ஒரே பெறுநர்தான் இருப்பார். நண்பரின் சரக்கும் சட்டப்படி உங்கள் வாடிக்கையாளர் கைக்குத்தான் போகும், வரியும் பொறுப்பும் அவர் தலையில். யார் காலிக் கன்டெய்னரைத் திருப்பித் தருவது, தாமதக் கட்டணம் யாருடையது என்று சண்டை வரும்.

இருவரின் சரக்கும் ஒரே வாங்குபவருக்குப் போகிறதென்றால் நிலைமை வேறு. அவருடைய ஃபார்வர்டர் இரண்டையும் நிலையத்தில் வாங்கி ஒரே கன்டெய்னரில் ஏற்றி, அந்தப் பக்கம் முழுக் கன்டெய்னராக அவர் கிடங்குக்கே கொண்டுபோவார். பையர்ஸ் கன்சாலிடேஷன் என்பார்கள். இறங்குமிட நிலையக் கட்டணம் முழுவதும் போய்விடும்.

பீங்கான்வணிகன்
இதைக் குறித்துக்கொள்கிறேன், என் வாடிக்கையாளர் கண்ணாடிச் சாமானும் வேறொருவரிடம் வாங்குகிறார். உடைசல் பற்றியும் கேட்க வேண்டும். சென்ற இரண்டு சரக்கிலும் உடைந்தது பெரும்பாலும் கீழ் வரிசைப் பெட்டிகளில். என் பேக்கிங்கைத்தான் வாடிக்கையாளர் குறை சொல்கிறார். ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே மாதிரித் தாள். கீழே மட்டும் ஏன்?

நிலையத்தார்
படம் இருந்தால் பாருங்கள். கீழ்ப் பெட்டியின் ஒரு பக்கத்தில் கையளவு அகலத்தில் ஓட்டையோ நீள வாக்கில் கீறலோ இருந்தால் ஃபோர்க்லிஃப்டின் முள் குத்தியது. நாலு மூலையும் நசுங்கி, பெட்டி குட்டையாகி, மேல் வரிசைகள் நன்றாக இருந்தால் அது பாரம்: உங்கள் பாலெட்டின்மேல் வேறு யாருடைய பாலெட்டையோ ஏற்றியிருக்கிறார்கள். முதலாவதற்கு பேக்கிங் காரணமில்லை. இரண்டாவதற்கு ஓரளவு காரணம்தான், ஏனென்றால் எல்சிஎல்லில் மேலே ஏற்றுவார்கள் என்று எடுத்துக்கொண்டே அட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தனிக் கன்டெய்னரில் உங்கள் ஆட்கள் ஏற்றுகிறார்கள், சீல் வைக்கிறீர்கள், அவர் ஆட்கள் இறக்குகிறார்கள். எல்சிஎல்லில் அந்த இரண்டுக்கும் நடுவே நிலையத்தில் இறக்கி, நகர்த்தி, ஏற்றி, மறுபக்கம் மறுபடி இறக்கி, நகர்த்தி, வண்டியில் ஏற்றுகிறார்கள். மையத்தில் பிரித்தால் இன்னொரு சுற்று. ஒவ்வொரு தடவையும் முள் உள்ளே போய் வெளியே வருகிறது.

"மேலே அடுக்காதே" என்று அட்டைக் கூம்பு வைக்கலாம் என்பார்கள். வைத்தால் உங்கள் தலைக்கு மேலுள்ள வெற்றிடத்துக்கும் கட்டணம் கேட்க கன்சாலிடேட்டருக்கு உரிமை உண்டு. 2.2 மீட்டர் உயரம் என்று கணக்கிட்டால் ஒரு பாலெட் 2.64, எட்டுக்கு 21 கன மீட்டர். உங்கள் விலையில் மூவாயிரம் டாலருக்கு மேல். தனிக் கன்டெய்னரைவிட ஒன்றரை மடங்கு! கூம்பு வைத்தும் கட்டணம் கேட்கவில்லையென்றால், கூம்பை யாரும் மதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இருபது அடிக் கன்டெய்னரின் தரை 5.9 மீட்டர் நீளம், 2.35 அகலம். உங்கள் பாலெட் ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் நான்கு என்று ஒன்பது தரையிலேயே நிற்கும். எட்டும் தரையில், ஒன்றன்மேல் ஒன்று இல்லாமல். பீங்கானுக்கு நான் இதைத்தான் விரும்புவேன்.

கப்பல்மேடை
ஒரு மறுப்பு. தனிக் கன்டெய்னர் என்றால் உடையாது என்ற எண்ணம் ஆபத்தானது. பாதி காலியான பெட்டிக்குள் கட்டாமல் விட்ட பாலெட்டுகளைப் பார்த்திருக்கிறேன். கதவைத் திறந்தபோது முதல் பாலெட் கதவின்மேல் சாய்ந்திருந்தது. எல்சிஎல் பாலெட்டைச் சுற்றிலும் மற்றவர் சரக்கு நெருக்கிப் பிடித்துக்கொள்ளும், கடலில் அது அசையாது. அந்த வகையில் எல்சிஎல் பாதுகாப்பு.

நிலையத்தார்
நல்ல சரக்கு பக்கத்தில் இருந்தால் நீங்கள் சொல்வது உண்மை. பக்கத்தில் இரும்புக் குழாயோ கசியும் பீப்பாயோ இருந்தால்? அதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை.

கட்ட வேண்டும் என்பதை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். எட்டு பாலெட்டையும் நாலு நாலாக வைத்து, அகல வாக்கில் மிஞ்சும் 15 செ.மீ. இடைவெளியைக் காற்றுப் பையால் நிரப்பலாம். கதவுப் பக்கம் ஒரு மீட்டருக்கு மேல் மிஞ்சும். அங்கே காற்றுப் பை வைக்கக் கூடாது, கதவைத் திறக்கிறவர் மேல் சரக்கு பாயும். தரையில் மரக்கட்டை அடித்து, குறுக்குச் சட்டம் கொடுத்து, பக்கத்து வளையங்களில் பட்டை போட்டுக் கட்டுங்கள். இதற்கு ஆகும் செலவையும் 2,000-த்தோடு சேர்க்க வேண்டும், நான் சேர்க்கவில்லை.

தாள்வேலை
எதில் அனுப்பினாலும் பி.எல்.லில் எண்ணிக்கையை எப்படி எழுதுகிறீர்கள் என்று பாருங்கள். கப்பல்காரரின் பொறுப்பை வரையறுக்கும் ஹேக்-விஸ்பி விதிகள் பொருந்தும் இடத்தில் இழப்பீட்டு உச்சவரம்பு, பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகான எஸ்டிஆரில், ஒரு பொதிக்கு 666.67 எஸ்டிஆர், அல்லது கிலோவுக்கு 2 எஸ்டிஆர், எது கூடுதலோ அது. "8 பாலெட்" என்று மட்டும் எழுதினால் ஒரு பாலெட்தான் ஒரு பொதி. 580 கிலோவுக்கு 1,160 எஸ்டிஆர், அதோடு முடிந்தது. "8 பாலெட்டுகளில் 320 அட்டைப்பெட்டிகள்" என்று எழுதினால் ஒவ்வொரு பெட்டியும் ஒரு பொதியாக எண்ணப்படும். அப்போது வரம்பு தடையாக இருக்காது, உண்மையான மதிப்புக்கே கேட்கலாம்.

எல்சிஎல்லில் உங்கள் கையில் இருப்பது கன்சாலிடேட்டரின் ஹவுஸ் பி.எல். கப்பல் நிறுவனத்தின் மாஸ்டர் பி.எல். கன்சாலிடேட்டர் பெயரில் இருக்கும். உடைசல் என்றால் நீங்கள் போய் நிற்க வேண்டிய இடம் கன்சாலிடேட்டர். தனிக் கன்டெய்னரில் சீல் உடையாமல் போய்ச் சேர்ந்தால், நீங்களே ஏற்றியது என்று சொல்லிக் கப்பல்காரர் ஒதுங்கிக்கொள்வார். காப்பீடு இரண்டுக்கும் வேண்டும்.

பீங்கான்வணிகன்
படங்களைத் தேடிப் பார்த்தேன். கீழ்ப் பெட்டிகள் மூன்றில் கீறல் இருக்கிறது, மற்றவை மூலை நசுங்கியவை. இரண்டும் நடந்திருக்கிறது.

வாடிக்கையாளரிடம் இந்த எண்களை அப்படியே அனுப்பினேன். தனிக் கன்டெய்னருக்கு மாறினால் எனக்குக் கூடும் செலவில் முந்நூறு டாலரைத் தன் விலையில் ஏற்றுக்கொள்வதாகச் சொல்கிறார். இன்னொரு யோசனையும் சொன்னார்: நான்கு மாதத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாக அனுப்பலாமா என்று. பதினாறு பாலெட் இருபது அடியில் போகுமா? பணம் நான்கு மாதம் முடங்குவதும் எனக்குக் கடினம்.

எண்கணக்கு
இரட்டிப்பாக அனுப்புங்கள். கன மீட்டர் ஒன்றுக்கு ஆகும் செலவு பாதியாகிவிடும். அந்தச் சேமிப்பு வட்டியைவிட அதிகம்.

நிலையத்தார்
பதினாறு என்றால் ஒன்றன்மேல் ஒன்று வைக்க வேண்டும். 1.15 இரண்டு சேர்ந்தால் 2.30. இருபது அடிப் பெட்டியின் கதவு உயரம் 2.28 தான், உள்ளே 2.39. கதவுக்குள் தனித்தனியாகக் கொண்டுபோய் உள்ளே தூக்கி வைக்க ஒன்பது செ.மீ. இடைவெளியில் ஓட்டுநர் திணறுவார், மேல் பெட்டிகள் கூரையில் உரசும். மரச்சட்டத்தை 12 செ.மீ. தடிமனுக்கு மாற்றினால் இரண்டும் சேர்ந்து 2.24, கொஞ்சம் மூச்சு விடலாம். ஆனால் கீழ்ப் பாலெட் மேலே 580 கிலோவைத் தாங்க வேண்டும், கடல் ஆட்டத்தோடு. இப்போதைய அட்டையில் நான் அதைச் செய்ய மாட்டேன். பாலெட் இல்லாமல் பெட்டிகளை நேரே அடுக்கலாம். இறக்க அவர் பக்கம் ஆள் வேண்டும்.

முடங்கும் பணத்துக்கு ஆகும் வட்டி உங்களுக்குத்தான் தெரியும், அதில் எண்கணக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.

நூல்மாலை
கண்ணாடிச் சாமான் விற்பவர் எந்தத் துறைமுகத்திலிருந்து அனுப்புகிறார் என்று கேட்டீர்களா? ஒரே துறைமுகம் என்றால் தாள்வேலை சொன்னபடி இரண்டையும் சேர்த்துவிடலாமே.

பீங்கான்வணிகன்
கேட்டிருக்கிறேன் அம்மா. ஒரே துறைமுகம்தானாம், ஆனால் அவர் எஃப்ஓபியில் விற்கிறார், அதாவது கடல் கூலி வாடிக்கையாளர் பொறுப்பு, மாதம் ஒரு முறை அனுப்புகிறார். வாடிக்கையாளரின் ஃபார்வர்டர் எங்கள் நாள்களைப் பொருத்திப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அடுத்த சரக்கு எட்டு பாலெட்டை இருபது அடியில் தரையில் நிறுத்தி, கட்டி, சீல் வைத்து அனுப்பப்போகிறேன். கட்டும் செலவும் உடைசலின் அளவும் தெரிந்ததும் இங்கே எழுதுகிறேன்.